பயிற்சிக்குக் கிளம்பும் முன் சின்ன வயசுக் கூட்டாளிக்கு ஒரு செய்தி: முழுமையான வழிகாட்டி

சேலம் காந்தி மைதானத்தில் காலை ஐந்தரைக்கு ஓட வரும் பையன்களுடன் சில வருடங்களாக நானும் நிற்கிறேன். போலீஸ், ராணுவம் என்று வருடத்துக்கு நான்கைந்து பேராவது கிளம்பிப் போகிறார்கள். பெட்டி, பூட்டு, வெள்ளை கேன்வாஸ் ஷூ, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாவற்றுக்கும் பட்டியல் வைத்திருப்பார்கள். கூட வளர்ந்தவனுக்கு அனுப்ப வேண்டிய செய்தியை மட்டும் கிளம்பும் ராத்திரி, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு தட்டுவார்கள். அங்கேதான் சொதப்பல். நானும் அப்படிச் சொதப்பியவன்தான், அதைக் கீழே சொல்கிறேன்.

இங்கே ஒரே ஒரு பையனின் கதையை வைத்துக்கொண்டு போவோம். ஏற்காட்டில் வளர்ந்தவன், இப்போது குடும்பத்தோடு அஸ்தம்பட்டி பக்கம் இருக்கிறான். அக்னிவீரனாகத் தேர்வாகி, மே 1 கோவையில் ஆஜராகி அங்கிருந்து குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்குப் போக வேண்டும். கூட்டாளி ஏற்காட்டிலேயே டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான்.

1. எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஜாயினிங் லெட்டர். ரிசல்ட் வந்த அன்றே செய்தி அனுப்பாதீர்கள். மெடிக்கலில் நின்றுபோனவர்களும் காகிதம் சரியில்லை என்று திரும்பி வந்தவர்களும் உண்டு. வழியனுப்பு விழா நடத்திவிட்டுப் பத்தே நாளில் அதே டீக்கடையில் போய் உட்காருவது மிகவும் சங்கடம்.

அடுத்து இரண்டு தேதிகள்: போகும் தேதி, பயிற்சி முடியும் தேதி. ராணுவத்தில் அக்னிவீரர்களுக்கு அடிப்படைப் பயிற்சி 10 வாரம், அதன்மேல் 21 வாரம், ஆக 31 வாரம். மே 1-லிருந்து எண்ணினால் டிசம்பர் முதல் வாரம் வரும். “ஒரு ஆறேழு மாசம்” என்று எழுதினால் கூட்டாளி ஆறு என்றே வைத்துக்கொள்வான். நவம்பரில் உங்கள் வீட்டுக்கு வந்து நிற்பான்.

மூன்றாவது, வீட்டில் ஒரு ஆள். அக்காவோ தம்பியோ, போனை எடுத்துப் பதில் சொல்லக்கூடிய ஒருவர். அவர் எதற்கு என்பது 4-ம் பகுதியில் வரும். அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு நம்பரைக் கொடுங்கள். கேட்காமல் கொடுத்து, “யாருங்க நீங்க?” என்று அக்கா போனை வைத்துவிட்ட கதையெல்லாம் நடந்திருக்கிறது.

2. யாருக்கு முதலில் தெரிய வேண்டும்

வீடு, அப்புறம் கூட்டாளி, அதற்கப்புறம்தான் ஸ்டேட்டஸ். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நான் பயிற்சிக்குப் போனபோது ஆர்டர் கையில் கிடைத்த குஷியில் அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன் அன்று வேலையில் இருந்திருக்கிறான். தட்டுவடை செட் கடையில் வேறு யாரோ, “உங்க ஆளு கிளம்பறானாமே” என்று கேட்டபோதுதான் அவனுக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்பது அவனுக்குப் பெரிய குறை. அவன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும் ராத்திரி “போயிட்டு வரேன் மச்சி” என்று மூன்று சொல்லில் ஒன்றை அனுப்பிவிட்டு போனை அணைத்தேன்.

சேதியை நேரிலோ போனிலோ வாயால் சொல்லுங்கள். எழுதி அனுப்புவது அதற்கு அடுத்தது. வாயால் சொன்ன தேதியும் நம்பரும் நினைவில் நிற்காது என்பதால்தான் எழுத்து.

ஸ்டேட்டஸ் போட்டே ஆக வேண்டுமென்றால் லெட்டரின் படத்தைப் போடாதீர்கள். அதில் உங்கள் ரோல் நம்பர், பிறந்த தேதி, அப்பா பெயர், முகவரி எல்லாம் இருக்கும்.

3. மூன்று கணக்கை முதலில் முடியுங்கள்

எழுத உட்கார்ந்த பிறகு இவற்றை யோசித்தால் செய்தி வழவழவென்று போய்விடும். ஒரு துண்டுக் காகிதத்தில் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம். நீங்கள் தர வேண்டியிருந்தால் முடிந்ததைக் கிளம்பும் முன்பே கொடுங்கள். மீதி எவ்வளவு, யார், எப்போது தருவார்கள் என்பதைத் தொகையோடு எழுதுங்கள். நம் பையன் 3,500 ரூபாய் தர வேண்டியிருந்தது. “பணத்தை மறக்கல மாப்ள” என்று எழுதப்போனான். அதைக் கூட்டாளி எடுத்துக்கொண்டு போய் ஜீப்புக்கு டீசலா போட முடியும்? 2,000-ஐ அன்றே அனுப்ப வைத்தோம். மீதி 1,500-க்கு அக்கா பொறுப்பு. இதுவே அவன் உங்களுக்குத் தர வேண்டிய பணமென்றால் இந்தச் செய்தியில் அதை எடுக்கவே வேண்டாம். எவ்வளவு நயமாக எழுதினாலும், இவன் போவதற்குள் வசூல் பண்ணப் பார்க்கிறான் என்றுதான் படும்.

வர முடியாத நாட்கள். காலண்டரை எடுத்து, இந்த ஏழு மாதத்தில் அவன் உங்களை எங்கெல்லாம் எதிர்பார்ப்பான் என்று பாருங்கள். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா, சேர்வராயன் கோயில் திருவிழா. ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை. அப்புறம் தீபாவளி. இவை போக, கூட்டாளியின் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம் வரும்போல் இருந்தது. பயிற்சிக்கு நடுவில் கல்யாணத்துக்கென்று லீவு கிடைக்கும் என்று நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள். வர முடியாது என்பதை இப்போதே சொல்லிவிட்டால் வருத்தம் இன்றோடு போகும். கல்யாணத்தன்று காலை வரை அவர்கள் வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

ஒரு வேலை. கூட்டாளியிடம் ஒரே ஒரு சின்ன வேலையை ஒப்படையுங்கள். நம் பையன் பைக்கை அவன் வீட்டில் விட்டுப் போனான். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் ஓட்டாவிட்டால் ஏழு மாதத்தில் பேட்டரி இறங்கிவிடும். வேலை என்று ஒன்று கையில் இருந்தால் வாரா வாரம் உங்கள் ஞாபகம் தானாக வரும். நாலு வேலை கொடுத்தீர்களானால் கூட்டாளி வேலைக்காரனாகிவிடுவான். பைக்கைக் கொடுக்கும்போது ஆர்.சி., இன்சூரன்ஸ் நகலையும் கொடுத்து, இன்சூரன்ஸ் முடியும் தேதியையும் சொல்லுங்கள்.

4. போனைச் சரிபார்ப்பது

இதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். எனக்கு ஒரு நட்பு கிட்டத்தட்ட முறிந்ததும் இதில்தான்.

போன் அணைந்திருந்தால் உங்களுக்கு வரும் வாட்ஸ்அப் செய்தி அனுப்பியவர் பக்கத்தில் ஒற்றைச் சாம்பல் டிக்கோடு நிற்கும். பிளாக் செய்தாலும் அதே ஒற்றை டிக்தான். ஏற்கெனவே குறையோடு இருந்த என் கூட்டாளி இரண்டு மூன்று முறை அனுப்பிப் பார்த்திருக்கிறான். ஒற்றை டிக். பிளாக் பண்ணிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டான். நானோ, இவன் ஒரு கடிதம்கூடப் போடவில்லையே என்று அங்கே உட்கார்ந்து குமைந்துகொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று உண்டு. தொடர்ந்து 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும். மே 1 அணைத்தால் ஆகஸ்ட் கடைசியோடு கணக்குக் காலி. உங்கள் படம் மறையும், பள்ளிக்கூட குரூப்பிலிருந்தும் நீங்கள் போய்விட்டதாகக் காட்டும். பார்க்கிறவனுக்கு, கோபித்துக்கொண்டு வெளியேறியதுபோல்தான் இருக்கும்.

சிம் கார்டுக்கும் இதே கதை. பிரீபெய்டு சிம்மில் 90 நாள் அழைப்போ மெசேஜோ டேட்டாவோ எதுவுமே இல்லையென்றால் இணைப்பை நிறுத்தலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். நிறுத்திய நம்பர் கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்கோ போகும். அதற்குப் பிறகு உங்கள் கூட்டாளி, “டேய் எரும, எப்படா வருவ” என்று அனுப்பினால் முன்பின் தெரியாத யாரோ படிப்பார்.

போனைக் கொண்டுபோகலாமா, எப்போது கொடுப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் கிடைக்கும், சில இடங்களில் முதல் சில வாரம் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள். கிடைக்காது என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள். போனை வீட்டில் விட்டுப் போனால், வீட்டு ஆள் வாரம் ஒருமுறை அதை ஆன் செய்து வாட்ஸ்அப்பைத் திறந்து மூட வேண்டும், மாதம் ஒருமுறை அந்த சிம்மிலிருந்து ஒரு கால் பேச வேண்டும், ரீசார்ஜ் முடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கா படிக்கக் கூடாத அரட்டை இருந்தால் அதை என்ன செய்வதென்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக, செய்தி அனுப்பப்போகும் அரட்டையைத் திறந்து `Disappearing messages` என்ற அமைப்பைப் பாருங்கள். அது `Off` என்று இருக்க வேண்டும். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று ஏதாவது போட்டிருந்தால் நீங்கள் அனுப்பும் தேதியும் நம்பரும் அதற்குள் அழிந்துவிடும். விளையாட்டுக்கு எப்போதோ போட்டு வைத்ததைப் பலரும் மறந்திருப்பார்கள். அனுப்பிய பிறகு அணைத்துப் பயனில்லை, ஏற்கெனவே போன செய்தி பழைய கெடுவின்படிதான் அழியும். அணைத்துவிட்டு அனுப்புங்கள்.

5. எழுதுவது

நம் பையன் முதலில் எழுதிக் காட்டியது இது:

> மச்சி நாளைக்கு ட்ரெய்னிங் போறேன். உன்ன ரொம்ப மிஸ் பண்ணுவேன். நம்ம நட்பு எப்பவும் மாறாது. உடம்ப பாத்துக்கோ. காண்டாக்ட்ல இரு.

இதில் எந்த வரியையும் யார் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். எங்கே, எத்தனை நாள், எப்படித் தொடர்பில் இருப்பது என்று எதுவுமே இல்லை. “காண்டாக்ட்ல இரு” என்று சொல்லிவிட்டு போனை அணைக்கப்போகிறவன் இவன்தான். தவிர, அவன் பேச்சு இப்படி இருக்காது. கூட்டாளியை ஐந்து வயதிலிருந்து “மாப்ள” என்றுதான் கூப்பிடுகிறான். திடீரென்று “மச்சி, நட்பு” என்றால் எங்கிருந்தோ ஃபார்வர்டு பண்ணியதுபோல இருக்கும்.

எழுதும் வரிசை இப்படி இருக்கட்டும். தேதியும் இடமும் முதலில், ஏனென்றால் அவன் தேடிப் படிக்கப்போவது அதைத்தான். அடுத்து ஒற்றை டிக். அடுத்து முகவரியும் வீட்டு நம்பரும். அப்புறம் பணம், வர முடியாத நாட்கள், வேலை. உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த பழைய சங்கதி ஒன்று, கடைசியில், ஒன்றே ஒன்று. அதை முதலில் வைத்தால் எழுதுகிறவனே அதில் கரைந்துபோய் தேதியை மறந்துவிடுகிறான். பார்த்திருக்கிறேன்.

முகவரி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே போய், நம்பரும் கம்பெனியும் பிளாட்டூனும் ஒதுக்கிய பிறகுதான் முழு முகவரி தெரியும். கிளம்பும் முன் எழுதும் செய்தியில் அதைக் கொடுக்கவே முடியாது. மையத்தின் பெயரை மட்டும் போட்டுக் கடிதம் எழுதினால், அத்தனை பேருக்கு நடுவில் உங்களைத் தேட வேண்டியிருக்கும். அதனால்தான் வீட்டு ஆள் தேவை: முகவரி வீட்டுக்கு வரும், வீட்டிலிருந்து கூட்டாளிக்குப் போகும்.

திருத்தி எழுதியது:

> மாப்ள, மே 1 கோயமுத்தூர்ல ரிப்போர்ட் பண்ணணும். அங்கிருந்து வெலிங்டன். 31 வாரம், டிசம்பர் முதல் வாரம் முடியும்.
>
> 30ந் தேதி ராத்திரி போன ஆஃப் பண்ணி அக்காகிட்ட குடுத்துருவேன். அப்புறம் நீ என்ன அனுப்புனாலும் ஒத்த டிக்லயே நிக்கும், இல்லன்னா அக்கா ஆன் பண்றப்ப ரெண்டு டிக் விழும். ரெண்டுமே நான் பாத்ததுன்னு நெனைக்காத. பிளாக் பண்ணிட்டேன்னும் நெனைக்காத.
>
> அட்ரஸ் போன பிறகுதான் தெரியும். அக்கா உனக்கு அனுப்பும். அதோட நம்பர் கீழ போட்டிருக்கேன், உன் நம்பரையும் அதுகிட்ட குடுத்துட்டேன். உங்கப்பாவுக்கு மறுபடி உடம்பு முடியலன்னா அக்காவுக்குச் சொல்லு.
>
> 2,000 போட்டுட்டேன், பாத்துக்க. மீதி 1,500 ஜூன் கடைசிக்குள்ள அக்கா போடும்.
>
> ஆடிப் பண்டிகைக்கு நான் இல்ல. ஆவணில கல்யாணம் வந்தா அதுக்கும் வர முடியாது. அம்மாகிட்ட நானே நேர்ல சொல்லிக்கறேன், நீ சொல்லாத.
>
> பைக்க வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி லேடீஸ் சீட் வரைக்கும் ஒரு ரவுண்டு போ. பெட்ரோல் உன் செலவு.
>
> ஸ்டேஷனுக்கு வராத. ஞாயித்துக்கிழமை நானே மேல வரேன்.
>
> ஏரிகிட்ட பஸ்ஸ விட்டுட்டு நாகலூர் வரைக்கும் மழைல நடந்தமே, ஒரு குடை, அதுலயும் ஓட்டை. அங்க குன்னூர்லயும் மழையாம். ஓட்டை இல்லாத குடை வாங்கிட்டேன்.

“பெட்ரோல் உன் செலவு” என்ற வரியைப் படித்துவிட்டு நான் சிரித்தேன், எடுக்கச் சொல்லவில்லை. அது அவனுடைய குரல்.

“ஸ்டேஷனுக்கு வராத” என்பதற்கும் காரணம் உண்டு. கோவை போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் சேலத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான் வரும். மே மாதம் ஏற்காட்டில் சீசன், ஜீப்காரர்களுக்கு வருமானமே அந்த மாதத்தில்தான். பகலெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு, ராத்திரி 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, மறுபடி தூக்கக் கண்ணோடு ஏறிப் போக வேண்டும். சொல்லாவிட்டால் வந்துவிடுவான்.

பெண்கள் எழுதும்போது கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். தோழி கல்யாணமாகிப் போன வீட்டில் அவள் போனை இன்னும் இரண்டு பேர் எடுத்துப் பார்ப்பார்கள் என்றால், தேதி, முகவரி, நம்பர் மட்டும் எழுத்தில் போகட்டும். மற்றதை அவள் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.

குரல் பதிவு அனுப்பலாமா என்று கேட்பார்கள். கூடுதலாக அனுப்புங்கள், எழுத்துக்குப் பதிலாக வேண்டாம். ஆகஸ்டில் அக்கா நம்பர் தேவைப்படும்போது நாலு நிமிடப் பதிவைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். அதேபோல் ஏழெட்டுத் துண்டாக அனுப்பாமல் ஒரே செய்தியாக அனுப்புங்கள். துண்டு துண்டாகப் போனால் தேவையான துண்டு மேலே எங்கோ மாட்டிக்கொள்ளும்.

6. எப்போது அனுப்புவது

கிளம்ப நான்கைந்து நாள் முன்பு, அவன் வேலை முடிந்து உட்காரும் நேரத்தில். மலைக் கிராமங்களில் சிக்னல் எல்லா இடத்திலும் இருக்காது. டவுன் பக்கம் வரும்போதுதான் மொத்தமாக வந்து விழும். கடைசி ராத்திரி அனுப்பினால் அவன் பதில் நீங்கள் போனை அணைத்த பிறகு வரும். அவன் ஏதாவது மனசு விட்டு எழுதியிருந்தால் அது ஏழு மாதம் படிக்கப்படாமல் கிடக்கும்.

தேதியோ தொகையோ தப்பாகப் போய்விட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்கு மேல் போனால் சரியான தகவலைத் தனிச் செய்தியாக அனுப்புங்கள். அவன் பழையதையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

பதில் “சரி” என்று ஒற்றைச் சொல்லில் வந்தால் பதறாதீர்கள். நம் பையனுக்கு வந்ததும் அதுதான், கூடவே ஒரு கட்டை விரல். ஞாயிற்றுக்கிழமை மேலே போனபோது பைக்குக்கு இடம் ஒழித்து, மேலே போட ஒரு பழைய தார்ப்பாயும் எடுத்து வைத்திருந்தான். பதிலே வரவில்லை என்றால் மறுநாள் கூப்பிட்டு, “அக்கா நம்பரை சேவ் பண்ணிட்டியா?” என்று மட்டும் கேளுங்கள். படித்தானா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

7. போய்ச் சேர்ந்த பிறகு

முகவரி கிடைத்ததும் வீட்டுக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே, “இதை அவனுக்கு அனுப்பு” என்று ஒரு வரி சேருங்கள். அக்கா அதைப் படமெடுத்து அனுப்பினால் போதும். படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிளாட்டூன் நம்பரில் 1-ம் 7-ம் குழம்பினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கடிதம் போட்டுப் பழக்கமில்லாதவனிடம் கிளம்பும் முன்பே நாலைந்து இன்லாண்ட் லெட்டர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். தபால் நிலையத்தில் கிடைக்கும், விலை சில ரூபாய்தான். அவன் தானாகப் போய் வாங்குவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இன்லாண்டுக்குள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது. தங்கை கல்யாண போட்டோ அனுப்ப ஆசைப்பட்டால் உறையில் போட்டு, தபால் நிலையத்தில் எடை பார்த்து ஸ்டாம்பு ஒட்டச் சொல்லுங்கள்.

பயிற்சி மையத்தில் உங்கள் பெயருக்கு வரும் கடிதத்தை நாலு பேர் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பதும் உண்டு. உறையின் மேல் பட்டப்பெயரை எழுத வேண்டாம் என்று அவனிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள்.